அத்தையின் நடை

அத்தை வருகிறாளா என்று பார்க்க முகம் தெரிய வேண்டியதில்லை. தெருமுனையில் ஒரு நிழல் அசைந்தாலே போதும், ஊரில் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். தலை முதலில் கிளம்பும், உடம்பு அதைத் துரத்திக்கொண்டு வரும். வலது கை தண்ணீரை விலக்குகிற மாதிரி அகலமாக வீசும். இடது கை இடுப்பில் செருகிய மணிபர்ஸை விட்டு இம்மியும் நகராது. வருடக்கணக்காகத் தையல் மெஷினை மிதித்ததாலோ என்னவோ, வலது முழங்கால் தேவைக்கு மேலே ஒரு தூக்கு தூக்கித்தான் இறங்கும்.

“உன் கூட வந்தா எங்களுக்கு மூச்சு வாங்குது. கொஞ்சம் மெதுவாத்தான் நடயேன்” என்று அவளுடைய மகளிர் குழுப் பெண்கள் கேட்டால், “நானா நடக்கறேன்? காலு போகுது, நான் கூடப் போறேன்” என்பாள் அத்தை. அவள் நடையைப் பற்றி ஊரில் ஆயிரம் கிண்டல் உண்டு. அதில் பாதியை அவளே கட்டிவிட்டிருப்பாள்.

அந்த நடையைத்தான் மருமகள் எடுத்தாள். மருமகள் என்றால் மகனைக் கட்டியவள் இல்லை, அண்ணன் மகள். டவுனில் ஒரு டயர் கடையின் மாடி அறையில் கம்ப்யூட்டர் வைத்து அனிமேஷன் படம் செய்கிறவள். வீட்டில் அதற்குப் பெயர் ‘பொம்மை போடுற வேலை’. பொம்மை போட்டால் யார் காசு கொடுப்பார்கள் என்று அவள் அப்பாவுக்கு இன்றுவரை சந்தேகம்தான். அத்தை ஒருத்திதான் ஆரம்பத்திலிருந்து அவள் கட்சி. “துணிய வெட்டித் தச்சா சட்டை ஆகுது. அவ படத்த வெட்டித் தைக்கறா. ரெண்டும் ஒரே வேலைதான்” என்று அண்ணனிடமே வாதாடியவள்.

பல்பொடி விளம்பரமும் கல்யாண அழைப்பு வீடியோவும் செய்து காலம் தள்ளிக்கொண்டிருந்தவளுக்கு முதல் பெரிய வேலை வந்தது. மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டமைப்புக்கு ஒரு விளக்கப்படம் வேண்டும். குழுவாகச் சேமிப்பது எப்படி, அந்தச் சேமிப்பிலிருந்து சிறு கடன் கொடுத்து வாங்குவது எப்படி, படிக்கத் தெரியாதவருக்கும் பார்த்தாலே புரிய வேண்டும். பத்து நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. புதிதாகத் தொடங்குகிற ஒவ்வொரு குழுவிலும் போட்டுக் காட்டுவார்கள்.

அவளுக்குச் சேமிப்பு என்றால் மாதக் கடைசியில் பையின் உள்ளறையில் கிடைக்கிற சில்லறை. கடனைப் பற்றி அதைவிடக் குறைவாகத் தெரியும். எனவே அத்தை ஊருக்குப் போய் அத்தையின் குழுக் கூட்டத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்தாள்.

கூட்டம் பால் சொசைட்டி கட்டடத்தில் நடந்தது. காலைப் பால் போனபிறகு தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஈரம் காயாத இடத்தை விட்டுவிட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒவ்வொருத்தியும் அந்த வாரச் சேமிப்பை நடுவில் வைத்தாள். எல்லாருக்கும் ஒரே தொகைதான், கூடவும் கிடையாது, குறையவும் கிடையாது. ஒருத்தி சத்தமாக எண்ணினாள், இன்னொருத்தி எழுதினாள், தலைவி இரண்டையும் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கடன் கேட்பவர்கள் எதற்கு, எவ்வளவு, எப்படித் திருப்பிக் கட்டுவோம் என்று எல்லார் முன்னாலும் சொன்னார்கள். யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் அங்கேயே, முகத்துக்கு நேரே. எல்லாரும் சம்மதித்தால் தீர்மானம் எழுதிக் கையெழுத்து.

“வட்டி யாருக்குப் போகும்?” என்று மருமகள் கேட்டாள்.

“எங்களுக்கேதான்” என்றாள் கோழிக்காரி. வீட்டுக்குப் பின்னால் கோழி வளர்த்து முட்டை விற்கிறவள், வாய் மட்டும் சும்மா இருக்காது. “எங்க பணம், எங்க கடன், எங்க வட்டி. சண்டை கூட எங்களுக்குள்ளதான், வெளிய விடமாட்டோம்.”

எல்லாரும் சிரித்தார்கள். மருமகளுக்கு அந்த அறையும் அந்தச் சிரிப்பும் ரொம்பப் பிடித்துப்போயின. நல்ல படம் ஒன்று தன் கைக்கு வந்துவிட்டது என்று அன்று நம்பினாள். அந்த நம்பிக்கை பொய்யில்லை.

கூட்டம் முடிந்ததும் அத்தையைச் சொசைட்டிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே போகவர நடக்கவைத்து, பக்கவாட்டிலிருந்து போனில் எடுத்தாள்.

“என்னத்துக்குடி இது?”

“படத்துல வர்ற கதாநாயகிக்கு உங்க நடை அத்தை. உங்கள மாதிரியே நடப்பா.”

“அடிப்பாவி! நெசமாவா?” அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “அப்ப இரு, இன்னொருக்கா ஒழுங்கா நடக்கறேன்.”

ஒழுங்காக நடந்தது எதுவும் உதவவில்லை. யாரோ கூப்பிட்டார்கள் என்று அவசரமாகத் திரும்பிப் போனாளே, அந்த ஒரு துண்டுதான் அசல். மாடி அறையில் உட்கார்ந்து மருமகள் அதைப் படம் படமாக நிறுத்திப் பார்த்து வரைந்தாள். முழங்கால் எங்கே உச்சிக்குப் போகிறது, கை எங்கே திரும்புகிறது, தலை எப்போது உடம்பை விட்டு முன்னால் ஓடுகிறது, எல்லாம். அனிமேஷனில் ஒரு ஆளை நடக்கவைக்க வலது கால் ஒரு தரம், இடது கால் ஒரு தரம் வரைந்தால் போதும். அதையே திரும்பத் திரும்ப ஓட்டலாம். ஆள் நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருப்பாள், பின்னாலிருக்கும் தெருவைத்தான் நகர்த்துவார்கள். முதன்முதலாக அதை ஓடவிட்டபோது வெள்ளைத் திரையில் அத்தை நடந்தாள். மருமகள் தனியாக உட்கார்ந்து கைதட்டினாள்.

படத்தின் கதை எளிமைதான். கதாநாயகி ஒரு தையல்காரி. பத்தாயிரம் கடன் வாங்குகிறாள், நூற்றுக்கு மாதம் ஒன்று வட்டி. மாதம் ஆயிரமாக அசலைத் திருப்புகிறாள். அசலை ஒரு பானைத் தண்ணீராகக் காட்டியிருந்தாள் மருமகள். தண்ணீர் குறையக் குறைய வட்டியும் குறையும்: முதல் மாதம் நூறு, அடுத்த மாதம் தொண்ணூறு, அப்புறம் எண்பது. பத்து மாதத்தில் வட்டி மொத்தம் ஐந்நூற்றைம்பதோடு முடிந்தது. பக்கத்திலேயே, வெளியாள் ஒருவன் கொடுக்கிற கடனுக்கு ஒரு பானை. அவனும் அதே நூற்றுக்கு ஒன்று என்றுதான் சொல்கிறான். ஆனால் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போனாலும் முழுப் பானைக்கே வட்டி போடுகிறான். மாதம் நூறு மாறவே மாறாது, முடிவில் ஆயிரம். பார்த்தவர்கள் எல்லாரும் அந்தப் பானைக் காட்சியில் “ஓ” என்றார்கள்.

கூட்டமைப்பிலிருந்து வந்த மேடமும் “ஓ” என்றார். நல்ல மனுஷி. கிராமம் கிராமமாக அலைந்து செருப்புத் தேய்ந்தவர். நிதானமாகப் பார்த்துவிட்டு இரண்டு திருத்தம் சொன்னார்.

“கட்டாம விட்டா என்ன ஆகும்னு இதுல இல்லியேம்மா. ஒருத்தர் தவணை தப்பினா குழுவுக்கே பேரு போயிடும், பேங்க்ல குழுக் கடன் கேக்கறப்போ கைய விரிச்சிடுவாங்க. அத காட்டணும். தவணை கேட்டா சாக்குச் சொல்லிட்டு நழுவற மாதிரி ஒரு பொம்பள வேணும்.”

“சரி மேடம்.”

“அப்புறம், கதாநாயகி நடை.” மேடம் சிரித்துவிட்டார். “ரொம்ப நல்லா இருக்கு, ஆனா அவளுக்கு வேணாம். அவ நேரா, கம்பீரமா நடக்கட்டும். இந்த நடைய நழுவறவளுக்குக் குடுங்க. தவணை நாள் வந்தா இப்பிடி ஒரு ஓட்டம் ஓடினான்னு வையுங்க, ஜனங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க. சிரிச்சாத்தான் மனசுல நிக்கும்.”

மருமகள் வாயைத் திறந்தாள். ‘அது எங்க அத்தை நடை’ என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. பாக்கிப் பணம் மேடத்தின் கையெழுத்தில் இருந்தது, அடுத்த படத்துக்கான பேச்சும் அவர் வாயில் இருந்தது. அதைவிட வெட்கமான உண்மை ஒன்று உண்டு: மேடம் சொன்னது சரி என்று அவளுடைய தொழில் மூளைக்கு அந்த நொடியே தெரிந்தது. அந்த நடை நழுவுகிறவளுக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும். சிரிப்பு அள்ளும். வந்ததை மென்று விழுங்கிவிட்டு, “செஞ்சிடலாம் மேடம்” என்றாள்.

செய்வதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு உருவத்திலிருந்து நடையை எடுத்து இன்னொரு உருவத்தில் போட்டால் போட்டபடி நடக்கும். முகம் வேறு, சேலை வேறு, உடம்பு கொஞ்சம் பருமன். யாருக்குத் தெரியப்போகிறது என்று தனக்குத்தானே பூசி மெழுகிக்கொண்டாள். ஒரு மனிதரை முகத்தைவிட நடைதான் காட்டிக்கொடுக்கும் என்பது அவள் தொழிலின் முதல் பாடம். அதையே மறந்ததுபோல் இருந்தாள்.

நழுவுகிறவளுக்கு ஒரு வசனமும் எழுதினாள். தவணை கேட்கும்போதெல்லாம், “அடுத்த வாரம் பாத்துக்கலாம்க்கா!” சொல்லிவிட்டு அந்த நடையில் ஓட்டம்.

இதை அத்தையிடம் சொல்லிவிட வேண்டும் என்று அவள் நினைக்காமல் இல்லை. ஆனால் அத்தை போன் செய்யும்போதெல்லாம் முதல் கேள்வியே, “என் படம் எப்ப வருது?” என்பதுதான். ஊரில் எல்லாருக்கும் சொல்லிவிட்டாளாம். படத்தில் வருகிற கதாநாயகி வேறு யாருமில்லை, நான்தான், மூஞ்சியைப் பார்க்காதீர்கள், நடையைப் பாருங்கள் என்று ஒவ்வொருத்தியிடமும் சொல்லிவைத்திருக்கிறாள். அவ்வளவு குஷியான குரலிடம் எப்படிச் சொல்வது? அடுத்த வாரம் சொல்லிக்கலாம் என்று போனை வைப்பாள். அடுத்த வாரமும் அதேதான். நழுவுகிறவளின் வசனத்தை எழுதினவளுக்கு அதைப் பேசத் தனியாக ஒத்திகை தேவைப்படவில்லை.

படம் முடிந்ததும் முதல் காட்சி அத்தையின் குழுவில்தான் என்று மேடமே முடிவு செய்தார். எங்கே பார்த்து எடுத்தீர்களோ அங்கேதானே முதலில் காட்ட வேண்டும் என்றார். நியாயம்தான்.

பால் சொசைட்டி கட்டடத்தின் ஜன்னல்களில் கோணிப்பை மாட்டி இருட்டாக்கியிருந்தார்கள். சுவரில் ஒரு வெள்ளை வேட்டி. அத்தை முதல் வரிசையில், இஸ்திரி போட்ட சேலையில், கல்யாணப் பெண்ணின் அம்மா மாதிரி உட்கார்ந்திருந்தாள். படத்துக்கு முன்னால் மருமகள் அவளிடம் போய்க் குனிந்து, “அத்தை, ஒரு விஷயம்…” என்று ஆரம்பித்தாள்.

“எல்லாம் அப்புறம் பேசிக்கலாம். மறைக்காத, உக்காரு” என்று அத்தை அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டாள்.

படம் ஓடியது. கதாநாயகி வந்தாள், நேராக, கம்பீரமாக நடந்தாள். “இதா நீ?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். “பொறுங்கடி” என்றாள் அத்தை. சேமிப்பு வந்தது. கடன் வந்தது. பானை வந்தது, எல்லாரும் “ஓ” என்றார்கள். அத்தை மட்டும் கழுத்தை நீட்டிக் காத்திருந்தாள்.

பிறகு தவணை நாள் வந்தது. பருத்த உடம்புக்காரி ஒருத்தி திரைக்குள் எட்டிப் பார்த்து, “அடுத்த வாரம் பாத்துக்கலாம்க்கா!” என்றாள். திரும்பினாள். தலை முதலில் கிளம்பியது. வலது கை தண்ணீரை விலக்கியது. இடது கை இடுப்பைப் பிடித்தது. முழங்கால் ஒரு தூக்கு தூக்கி இறங்கியது.

சிரிப்பில் கட்டடம் அதிர்ந்தது. கோழிக்காரி தரையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். “ஐயோ, அவளேதான்! அச்சு அசல் அவளேதான்!” சிரித்தவர்கள் ஒருத்தர் மனதிலும் கெடுதல் இல்லை. நடையைப் பார்க்கச் சொன்னதே அத்தைதானே? பார்த்தார்கள், சிரித்தார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அத்தை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருமகளுக்கு மட்டும், தன் கையைப் பிடித்திருந்த அத்தையின் கை மெதுவாக விட்டுப்போனது தெரிந்தது.

மேடம் பூரித்துப் போனார். “பாத்தீங்களா? சொன்னேன்ல?”

கோணிப்பைகளை எடுத்ததும் வெளிச்சம் வந்தது, வழக்கமான கூட்டம் தொடங்கியது. அன்று கடன் கேட்டிருந்தவர்கள் இரண்டு பேர். கோழிக்காரிக்குப் புதுக் கூண்டு வேண்டும். அத்தைக்கு ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின், பழையது ஒன்று விலைக்கு வந்திருந்தது. பள்ளிச் சீருடை ஆர்டர் கிடைக்கிற நேரம், அந்த மெஷின் இருந்தால்தான் முழு ஆர்டரும் அவளுக்கு வரும், இல்லாவிட்டால் டவுனுக்குப் போய்விடும். இருப்பில் ஒருத்திக்குக் கொடுக்கத்தான் பணம் இருந்தது. அத்தைக்கு என்று எல்லாரும் போன வாரமே வாயால் பேசி முடித்ததுதான், எழுத வேண்டியது மட்டும் பாக்கி.

தலைவி கேட்டாள். “மெஷினுக்குக் குடுக்கறதுல யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?”

“குடுங்க, குடுங்க” என்றாள் கோழிக்காரி. “அடுத்த வாரம் பாத்துக்கலாம்க்கா!” என்று படத்தின் குரலிலேயே இழுத்தாள்.

மறுபடி சிரிப்பு. தலைவிகூட வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தை சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்தாள்.

“எனக்கு இப்ப வேணாம்க்கா. கோழிக்கே எழுதிடுங்க.”

“என்னடி, விளையாட்டுக்குச் சொன்னா…”

“நானும் விளையாட்டுக்குச் சொல்லல. அந்த மெஷின் அவ்வளவு நல்லா இல்ல, நான் போய்ப் பாத்தேன். எழுதுங்க.”

மெஷின் நன்றாக இருந்தது. முந்தின நாள்தான் மருமகளிடம் போனில் அதன் புகழைப் பாடியிருந்தாள். இத்தனை வருடத்தில் ஒரு தவணைகூட அத்தை தப்பியதில்லை என்பதும் அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். அந்த நொடியில் மருமகள் எழுந்து, அந்த நடையை முதலில் யாருக்குக் கொடுத்தேன், எப்படி மாற்றினேன் என்று நாலு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சிரிப்பு அவள் பக்கம் திரும்பியிருக்கும், திட்டும் கொஞ்சம் விழுந்திருக்கும், அவ்வளவுதான். பக்கத்தில் மேடம் உட்கார்ந்திருந்தார். மருமகள் எழவில்லை. தீர்மானம் எழுதியானது, ஒவ்வொருத்தியாகக் கையெழுத்துப் போட்டார்கள். அத்தையும் போட்டாள்.

வீட்டில் அத்தை சட்டைக்குப் பட்டன் வைத்துக்கொண்டே, முகத்தைத் தூக்காமல் கேட்டாள்.

“எப்ப மாத்தின?”

“போன மாசமே அத்தை. மேடம்தான் சொன்னாங்க…”

“அவங்க சொல்லுவாங்க. அவங்களுக்கு நான் யாரு? ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம்ல? ஊரெல்லாம் போய் நான்தான் நான்தான்னு சொல்லாமலாவது இருந்திருப்பேன்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அத்தை திட்டவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, “சாப்பிட்டுட்டுப் போ” என்றாள். மருமகளுக்கு அழுகை முட்டியது. அழுவதற்கும் தனக்கு உரிமை இல்லை என்று பட்டதால் சாப்பிட்டாள்.

அதற்குப்பின் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தாள், எல்லாம் தாமதமாக. மேடத்திடம் உண்மையைச் சொன்னாள். மேடம் தலையில் கைவைத்து, “முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாம்மா” என்றார். அவரும் வருத்தப்பட்டார். நழுவுகிறவளுக்கு வேறொரு நடை வரைந்து, காசு வாங்காமல் புதுப் படமாகக் கொடுத்தாள். கூட்டமைப்பும் இனி இதைத்தான் காட்ட வேண்டும் என்று எல்லாக் குழுவுக்கும் அனுப்பியது. ஆனால் பழைய படம் அதற்குள் போனுக்குப் போன் பரவிவிட்டது. படம் முழுவதும்கூட இல்லை, யாரோ அந்த ஓட்டத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டார்கள். அத்தையைப் பார்த்தேயிராத ஊர்க்காரர்களெல்லாம் காலையில் ஒருவருக்கொருவர் அதை அனுப்பிச் சிரித்தார்கள். அத்தை கடைக்குப் போனால் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் பின்னாலிருந்து, “அடுத்த வாரம் பாத்துக்கலாம்க்கா!” என்றார்கள். கோழிக்காரியே ஒருநாள் அவர்களைத் துரத்திக்கொண்டு ஓடினாளாம்.

கோழிக்காரியும் தலைவியும் அத்தை வீட்டுக்கு வந்தார்கள். முதல் தவணைகள் வந்துவிட்டன, இருப்பு சேர்ந்திருக்கிறது, நீ எழுதிக்கொடு, இந்தத் தரம் உனக்குத்தான் என்று மன்றாடினார்கள். இதை மருமகளுக்குச் சொன்னதே தலைவிதான், போனில்.

“அத்தை என்ன சொன்னாங்க?”

“ ‘ஒரு நாள் பிந்தினாலும் படத்துலயே பாத்தோமேன்னு ஊரு சொல்லும், எனக்கு அந்தக் கடனே வேணாம்க்கா’ங்கறா. சேமிப்பு மட்டும் வாரம் தவறாம வைக்கறா. வாயே தொறக்கறதில்ல. நீ கொஞ்சம் பேசும்மா.”

பேசினாள். அப்போதுதான் தெரிந்தது, அத்தை மெஷினை வாங்கியேவிட்டாள். குழுவில் இல்லை, மெஷின் கடையிலேயே தவணைக்கு.

“என்ன வட்டி அத்தை?”

“நூத்துக்கு ஒண்ணுதான்.”

“குறையுமா? கட்டக் கட்டக் குறையுமா, இல்ல கடைசிவரைக்கும் முழுசுக்கும் போடறானா?”

“முழுசுக்கும்தான்.”

“அத்தை! அது…”

“தெரியும் பாப்பா. உன் படத்துல பாத்தேனே. அந்தப் பானை எனக்கு நல்லாப் புரிஞ்சுது.” மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. “கடைக்காரன் என்னப் பாத்துச் சிரிக்கல. அதுக்கு அந்தக் கூடுதல் வட்டி போனாப் போகுது.”

மருமகள் அதன்பிறகு அந்த ஊருக்குப் போகவில்லை. வேலை அதிகம் என்றாள். வேலை இருந்தது உண்மைதான், கூட்டமைப்பே அடுத்த படத்தையும் கொடுத்திருந்தது. படத்தைப் பார்த்த குழுக்களில் தவணை ஒழுங்காக வருகிறது என்று மேடம் சொன்னார். அவளுக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை.

சீருடை சீசன் முடிந்த ஒரு நாள், நூல் வாங்க டவுனுக்கு வருவதாகவும் மாடிக்கு வந்து பார்த்துவிட்டுப் போவதாகவும் அத்தை போன் செய்தாள். மருமகள் காலையிலேயே அறையைப் பெருக்கி, பிளாஸ்கில் டீ வாங்கி வைத்து, ஜன்னலோரம் நின்றுகொண்டாள். அங்கிருந்து பஸ் நிற்கும் இடம் தெரியும். எந்தக் கூட்டத்திலும் அத்தையைக் கண்டுபிடித்துவிடுவாள். அந்த முழங்கால் எந்த இடத்தில் உச்சிக்குப் போகும் என்று உலகத்தில் அவளைப்போல் அறிந்தவர் யாருமில்லை.

பஸ் வந்தது. சனம் இறங்கிக் கலைந்தது. அத்தை இல்லை. அடுத்த பஸ்ஸில் வருவாளாக இருக்கும் என்று ஜன்னலை விட்டு வந்து உட்கார்ந்தபோது படியில் காலடிச் சத்தம். வாசலில் அத்தை நின்றாள்.

“எந்த பஸ்ல வந்தீங்க? நான் பாத்துட்டே இருந்தேனே!”

“இப்ப வந்துச்சே, அதுலதான். நீ ஜன்னல்ல நின்னத நான் பாத்தேன்.” அத்தை உள்ளே வந்தாள். ஒவ்வொரு காலாக, அளந்து வைக்கிற மாதிரி. இரண்டு கைகளும் முன்னால் கோத்திருந்தன, பை முழங்கையில் தொங்கியது. தலை உடம்போடேயே வந்தது.

“கால்ல அடியா அத்தை? வலிக்குதா?”

“வலி எல்லாம் ஒண்ணுமில்ல.” அத்தை நாற்காலியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். “இப்ப இப்படித்தான் நடக்கறேன். ஆரம்பத்துல ஞாபகம் வச்சு நடக்கணும். இப்ப பழகிடுச்சு.”

மன்னிச்சிடுங்க என்று இத்தனை மாதம் மனதில் சேர்த்து வைத்திருந்தது அத்தனையும் இந்த நடைக்கு முன்னால் ஒரு பொருட்டே இல்லை என்று மருமகளுக்குத் தோன்றியது. இருந்தும் சொன்னாள். அத்தை, “சரி, சரி, டீ ஆறுது பாரு” என்றாள்.

டீ குடித்தார்கள். சீருடை ஆர்டரைப் பற்றிப் பேசினார்கள். லாபத்தில் பாதி கடைக்காரன் தவணைக்கே போய்விட்டது என்று அத்தை அலுங்காமல் சொன்னாள். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

“நீ முதல்ல வரஞ்சியே, கதாநாயகிக்கு என் நடை. அது இருக்கா, அழிச்சிட்டியா?”

“இருக்கு அத்தை.”

“போடு, பாக்கலாம். நான் பாக்கவே இல்லையே.”

மருமகள் தேடி எடுத்து ஓடவிட்டாள். பின்னால் தெரு போடாத காலத்தது, வெறும் வெள்ளைத் திரை. அதில் ஒரு தையல்காரி நடந்தாள். தலை முன்னால் ஓட, வலது கை தண்ணீரை விலக்க, முழங்கால் ஒரு தூக்கு தூக்கி இறங்க, நின்ற இடத்திலேயே விடாமல் நடந்தாள்.

அத்தை டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முன்னால் குனிந்து பார்த்தாள். அவளுடைய வலது கால், தரையில் அழுத்தி வைத்திருந்தது, லேசாக ஒருமுறை எழும்பி அடங்கியது.

“நல்லாத்தான நடந்திருக்கேன்” என்றாள். “என்ன வேகம் பாரேன்.”

“ஆமா அத்தை.”

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“நிறுத்திடு பாப்பா. நூல் கடைக்குப் போகணும். முன்ன மாதிரி சட்டுனு போயிட முடியறதில்ல, இப்ப நேரமாகுது.”